மூண்டு விலை போட்டு கொட்டேஷன் மெயில் அனுப்பினன், 12 நாளா பதில் இல்ல. என்ன பிழை?

உப்புவெளி ஏசி

வணக்கம் எல்லாருக்கும். நான் திருமலைல ஏசி சேவிஸ் செய்யிறன், என்னோட ரெண்டு பெடியள் நிக்கிறாங்கள். இவ்வளவு நாளும் ஃபோனில விலை சொல்லி போய்க் கழுவிக் குடுத்திட்டு வாற வேலைதான், போன மாசம் நிலாவெளிப் பக்கம் 14 ரூம் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ் மனேஜர் கூப்பிட்டு, வருசக் கொன்ட்ராக்ட் மாதிரி ஒண்டு போடுவம், மெயில் ஒண்டு அனுப்புங்கோ, முதலாளி கொழும்பில இருக்கிறார் அவருக்கு நான் அனுப்பி விடுறன் எண்டார். எனக்கு இது முதல் பெரிய வேலை. ரெண்டு இரவு முழிச்சிருந்து 9 பக்கத்தில ஒரு பிடிஎஃப் செய்தன். சில்வர், கோல்ட், பிளாட்டினம் எண்டு மூண்டு பக்கேஜ், அதுக்கு 22 வரியில ஒரு டேபிள், எதில என்ன இருக்கு எண்டு டிக் போட்டு.

மெயிலில எழுதினது இவ்வளவுதான்:

"வணக்கம் சேர். தாங்கள் கேட்டபடி கொட்டேஷனை இத்துடன் இணைத்துள்ளேன். மூன்று பக்கேஜ்கள் உள்ளன. தங்களுக்குப் பொருத்தமானதைத் தெரிவு செய்து அறியத் தரவும். நன்றி."

விலை 126,000, 280,000, 420,000. எல்லாம் ஒரு வருசத்துக்கு. இண்டைக்கு 12ஆவது நாள். ஒருக்கா எடுத்துக் கேட்டன், முதலாளி பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டார் மனேஜர். என்ட மனசில நடுவில உள்ள கோல்ட் தான் அவையளுக்குச் சரி, ஆனா அதை எழுதினா நான் தள்ளி விக்கப் பாக்கிறன் எண்டு நினைப்பினமோ எண்டு எழுதேல. விலை கூடிப் போச்சோ? மூண்டும் போட்டது பிழையோ?

தம்பலகாமம் மார்க்கெட்டிங்

மூண்டு போட்டது சரி தம்பி, அடுக்கினதுதான் பிழை. ஆக்கள் எப்பவும் நடுவில உள்ளதைத்தான் எடுப்பினம், இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. நீங்க விக்க நினைக்கிறதை நடுவில வைச்சு, மூண்டாவதைக் கண்ணைக் குத்திற மாதிரி ஏத்திப் போடுங்கோ, 420 எண்டத 600 ஆக்குங்கோ. அப்ப 280 மலிவாத் தெரியும். வாயால பரிந்துரை சொல்லவே தேவையில்ல, விலையே சொல்லிடும். அதோட முதல்ல பெரிய விலை, பிறகு சின்ன விலை, அந்த வரிசையில போடுங்கோ.

மூதூர் சாப்பாடு

நாங்க கலியாணச் சாப்பாடு செய்றம். எங்களுக்கும் மூனு மெனு தான், ஒரு பிளேட்டுக்கு விலை. ஆக்கள் வந்து மெனு 1ல உள்ள வட்டிலப்பத்தை எடுத்து மெனு 2ல போடு, மெனு 3ல உள்ள இறாலை மட்டும் மெனு 1க்கு தா, விலையை மட்டும் ஏத்தாத என்டு கேக்குறாங்க. கடைசியில மூனு மெனுவும் முப்பது மெனுவா வந்து நிக்கும். நீங்க மூனு போட்டதுக்கு உங்களுக்கு பதில் இல்ல, எங்களுக்கு பதில் கூடிப் போகுது. இதுக்கு யாராவது வழி சொல்லுங்க.

ஓர்ஸ்ஹில் அக்கா

தம்பி, நான் 11 வருசம் ஒரு ஹோட்டலில பர்ச்சேசிங் பாத்தனான், இப்ப சின்னச் சின்ன ஆக்களுக்கு இப்பிடியான மெயில் எழுதிக் குடுக்கிறன். விலையைப் பற்றிப் பிறகு கதைப்பம். முதல்ல மூண்டு விசயம் சொல்லுங்கோ. மனேஜர் ஏன் உங்களைக் கூப்பிட்டவர், அவர் வாயால சொன்னது என்ன? அந்த 14 ஏசியும் எப்பிடி இருக்கு? மூண்டு பக்கேஜுக்கும் இடையில உண்மையான வித்தியாசம் என்ன, 22 வரி வேண்டாம், ஒவ்வொண்டுக்கும் ஒரு வசனத்தில சொல்லுங்கோ பாப்பம்.

உப்புவெளி ஏசி

அக்கா, அவர் சொன்னது இதுதான். போன வருசம் ஓகஸ்ட்ல, நல்ல கச்சான் காத்துக்குள்ள, 9ஆம் ரூமும் 11ஆம் ரூமும் ஒண்டா நிண்டுட்டுது. முன்னம் பாத்த ஆள் நாளைக்கு வாறன் நாளைக்கு வாறன் எண்டே நாலு நாள் போச்சாம். வெள்ளைக்காரர் வேற இடத்துக்குப் போயிட்டினம். ரூம் ஒரு இரவு 18,000 போகுமாம் சீசனில. அதுக்குப் பிறகும் அந்த சீசனில மூண்டு தரம் ஆள் கூப்பிட்டு ஒவ்வொரு வருகைக்கும் 7,500 குடுத்திருக்கினம்.

நான் போய் 14ஐயும் கழட்டிப் பாத்தன். 9 யூனிட் வாங்கி ரெண்டு வருசம் வராது, நல்லா இருக்கு. கடல் பக்கம் உள்ள 5உம் ஏழு வருசப் பழசு. வாடைக் காலத்தில கடல் காத்து நேர அடிக்குது, வெளி யூனிட்டில உப்புப் படிஞ்சு அலுமினியத் தகடு எல்லாம் பொடியாக் கொட்டுது. அந்த நிலையில கச்சான் தொடங்கி வெளிச் சூடு ஏறினா அது சூட்டை வெளிய தள்ள ஏலாமத் திணறி நிண்டுடும். போன வருசம் நடந்தது அதுதான். 9உம் 11உம் அந்த அஞ்சுக்குள்ளதான் வருது.

வித்தியாசம் எண்டா, சில்வர் வருசம் ரெண்டு சேவிஸ், சீசனுக்கு முன் ஒண்டு பின் ஒண்டு. கோல்ட் வருசம் நாலு சேவிஸ், அதோட சீசனில பழுது எண்டா 24 மணித்தியாலத்துக்குள்ள வருவம், கூலி இல்ல. பிளாட்டினம் அதோட பார்ட்ஸும் சேத்து, கொம்பிரசர் மட்டும் இல்ல.

ஓர்ஸ்ஹில் அக்கா

இப்ப நீங்க எழுதின இந்த மூண்டு பந்தியும் அந்த 9 பக்கத்தில எங்கயாவது இருக்கா? இராது எண்டு நினைக்கிறன். அதுதான் தம்பி பிழை. விலை இல்ல.

அந்த மெயிலை வாசிக்கிற ஆளை யோசிச்சுப் பாருங்கோ. உங்களைக் கண்டவர் மனேஜர். முடிவெடுக்கிறவர் கொழும்பில இருக்கிற முதலாளி, அவர் உங்களைக் காணவும் இல்ல, நீங்க ஏணி வைச்சு ஏறிப் பாத்ததையும் காணேல. மனேஜர் அந்த மெயிலைத் தட்டி விடுவார், கூட ஒரு வசனம் எழுதினாலும் பெரிய விசயம். முதலாளி ஃபோனில திறக்கிறார். "பொருத்தமானதைத் தெரிவு செய்து" எண்டு இருக்கு. எது பொருத்தம் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? ஏசியைப் பாத்தவர் நீங்க. பிறகு பிடிஎஃப், பிறகு டேபிள், ஃபோனில மூண்டு நிரல் டேபிள் பாக்கிறதெண்டா விரலால இழுத்து இழுத்துத்தான் பாக்கோணும், வலப்பக்கம் போனா இடப்பக்கம் என்ன இருந்தது எண்டு மறந்து போகும். ஆறுதலாப் பாப்பம் எண்டு மூடி வைப்பார். நான் பர்ச்சேசிங்ல இருக்கேக்க அப்பிடி மூடி வைச்ச மெயில் கணக்கில்லாமல் இருந்தது, அதுக்குள்ள நல்ல ஆக்களின்ட விலையும் இருந்தது.

பரிந்துரை சொன்னாத் தள்ளி விக்கிற மாதிரி எண்டு பயப்பிடுறீங்கள். மருந்துக் கடைக்காரர் மூண்டு மருந்தை மேசையில வைச்சிட்டு நீங்களே எடுங்கோ எண்டா உங்களுக்கு எப்பிடி இருக்கும்? காரணம் சொல்லாமல் இதை எடுங்கோ எண்டாத்தான் அது தள்ளி விக்கிறது. உங்களிட்டக் காரணம் இருக்கு, அதுவும் அவையளின்ட வாயால வந்த காரணம். அதை முதல் பந்தியில வையுங்கோ, விலைக்கு முன்னால.

தம்பலகாமம் சொன்னதில பாதி சரி. நடுவில உள்ளதுக்குச் சாயிற பழக்கம் உண்மைதான், 1989ல சிமொன்சன் எண்டவர் எழுதின ஆராய்ச்சி இருக்கு. ஆனா அது முன்பின் கதையாமல் ஒரு பொருளைத் தெரியிற நேரத்தில பாத்தது. இங்க முதலாளி ஃபோன் எடுத்து "ஏன் 600?" எண்டு கேப்பார். அதுக்கு உங்களிட்ட என்ன பதில் இருக்கும்? இன்னொண்டு சொல்லுறன். நான் வேலை செய்த இடத்தில ஒருத்தர் அப்பிடித்தான், ஆரும் எடுக்க மாட்டினம் எண்ட நினைப்பில மூண்டாவதை ஏத்தி, அதுக்குள்ள 24 மணித்தியாலமும் ஒரு ஆள் நிப்பார் எண்டெல்லாம் எழுதிப் போட்டார். எங்கட முதலாளி அதையே எடுத்திட்டார். விலை போட்டவரிட்ட நிப்பாட்ட ஆள் இல்ல. ரெண்டு மாசத்தில கொன்ட்ராக்ட் முறிஞ்சுது, பிறகு அவர் எங்கட வாசலுக்கே வரேல. மூண்டில எதை எடுத்தாலும் உங்களால சந்தோசமாச் செய்ய ஏலுமா எண்டு பாருங்கோ, ஏலாததைப் போடாதேங்கோ.

தம்பலகாமம் மார்க்கெட்டிங்

சரி அக்கா, ஏத்திப் போடுறதை விடுவம், செய்ய ஏலாததைப் போடச் சொன்னது என்ட பிழை. ஆனா மூண்டே கூடத்தான் எண்டு நான் நினைக்கிறன் இப்ப. தெரிவு கூடினா ஆக்கள் வாங்கவே மாட்டினம் எண்டு அந்த ஜாம் ஆராய்ச்சி சொல்லுதே, 24 வகை ஜாம் வைச்சா வாங்கினவை மிச்சம் குறைவு, 6 வைச்சா கனபேர் வாங்கினவை. அப்ப ஒண்டே ஒண்டு போட்டா இன்னும் நல்லம் தானே?

ஓர்ஸ்ஹில் அக்கா

அந்த ஆராய்ச்சி 2000ல வந்தது. 2010ல அதே மாதிரிச் செய்த கனக்க ஆராய்ச்சியளை ஒண்டாச் சேத்துப் பாத்தவை, சராசரியா எடுத்தா விளைவு கிட்டத்தட்ட ஒண்டுமில்ல எண்டு சொன்னவை. எண்ணிக்கையை விட, ஒண்டையொண்டு ஒப்பிட எவ்வளவு கஸ்டம் எண்டதுதான் ஆளைத் திணறப் பண்ணும். தம்பியின்ட மெயிலில மூண்டே மூண்டுதான், ஆனா 22 வரி. அது 66 கட்டம். அங்கதான் மூச்சு முட்டுது.

ஒண்டு மட்டும் போட்டா முதலாளி இன்னொரு ஆளிட்ட இன்னொரு விலை கேப்பார், ஒப்பிட ஏதாவது வேணும்தானே அவருக்கு. மூண்டு போட்டா அந்த ஒப்பீடு உங்கட மெயிலுக்குள்ளயே நடக்கும். ஆனா மூண்டும் ஒரே கோட்டில நிக்கோணும். உங்கட கேசில அந்தக் கோடு, பழுது வந்தா அந்தத் தலையிடி ஆருக்கு எண்டது. முதலாவதில முதலாளிக்கு. ரெண்டாவதில வந்து பாக்கிற பொறுப்பு உங்களுக்கு, பார்ட்ஸ் காசு அவருக்கு. மூண்டாவதில ரெண்டும் உங்களுக்கு. இவ்வளவுதான் வித்தியாசம். ஃபில்டர் கழுவுறது, ட்ரெயின் லைன் ஊதுறது, ரிமோட் செக் பண்ணுறது எல்லாம் மூண்டிலயும் இருக்குத்தானே, அப்ப அதை ஏன் மூண்டு தரம் டிக் போடுவான்? பொதுவானதைக் கீழ ஒரு வரியில சொல்லி விடுங்கோ.

சில்வர் கோல்ட் பேரையும் எடுங்கோ. முதலாளி மனேஜருக்கு ஃபோனில "கோல்டில என்ன இருந்தது?" எண்டு கேட்டா மனேஜருக்கும் நினைவு வராது. "24 மணித்தியாலத்தில வாற ஒண்டு" எண்டு சொன்னா ரெண்டு பேருக்கும் விளங்கும்.

மூதூர் நானா, உங்கட கேஸ் வேற. உங்கட மூண்டு மெனுவும் ஒரே கோட்டில இல்ல போல, ஒண்டில வட்டிலப்பம் இன்னொண்டில இறால் எண்டா ஆக்கள் பிச்சுத்தான் கேப்பினம். சின்னதில உள்ளது எல்லாம் பெரிசிலயும் இருக்கிற மாதிரி, மேல ஏற ஏறக் கூடிக்கொண்டு போற மாதிரி அமைச்சுப் பாருங்கோ.

மூதூர் சாப்பாடு

அது உண்மைதான். மெனு 1ல வட்டிலப்பம் இருக்கு, 2ல ஐஸ்கிரீம் தான் இருக்கு. ஏன் அப்படி வெச்சம் என்டு எனக்கே இப்ப தெரியல்ல, வாப்பா காலத்துல இருந்து வார மெனு. ஆனா கலியாண வீட்டுல பேரம் பேசாம ஒருத்தரும் போக மாட்டாங்க, அது மெனுவை மாத்தினாலும் நிக்காது.

அலஸ்தோட்டம் ரூம்ஸ்

நான் 6 ரூம் வைச்சிருக்கிறன், அதால வாங்கிற ஆளாச் சொல்லுறன். எனக்கு மலிவான விலை முதல்ல தெரியோணும். பரிந்துரை முதல்ல வந்தா எனக்கு மனசில, இதைவிடக் குறைஞ்சது இருக்கும், ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டுதான் ஓடும்.

இன்னொரு விசயம், இதை ஒருத்தரும் யோசிக்கேல. போன ஓகஸ்டில நாலு நாள் ரூம் பூட்டிக் கிடந்தது எண்டு மெயிலில எழுதச் சொல்லுறீங்கள். அது மனேஜரின்ட குறைதானே? முதலாளிக்கு அது முழுக்கத் தெரியாமலும் இருக்கலாம். தன்ட குறை எழுதின மெயிலை எந்த மனேஜர் முதலாளிக்கு அனுப்புவார்?

ஓர்ஸ்ஹில் அக்கா

ரெண்டாவது விசயம் மிச்சம் பெறுமதியானது, எனக்கு அது ஓடேல. தம்பி, எழுத முன்னம் மனேஜருக்கு ஒருக்கா ஃபோன் எடுங்கோ. "அண்ணை, போன வருசம் நடந்ததைக் காரணமா எழுதலாமா, முதலாளிக்கு அது தெரியுமா?" எண்டு நேரடியாக் கேளுங்கோ. தெரியும் எண்டா எழுதுங்கோ, ஆனா பழைய சேவிஸ் ஆள் வரேல எண்டதைச் சொல்லாமல் ஏசி நிண்டதை மட்டும் எழுதுங்கோ. தெரியாது எண்டா உப்பையும் கச்சானையும் காரணமா எழுதுங்கோ, அது ஆரையும் குத்தாது.

கணக்கை நீங்க மனசில வைச்சிருக்கோணும், கேட்டாச் சொல்ல. ரெண்டு ரூம், நாலு இரவு, 18,000 எண்டா 144,000. மூண்டு வருகை 22,500. ரெண்டும் சேத்து 166,500. முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் வித்தியாசம் 154,000. அதாவது போன வருசம் போல இன்னொரு வருசம் வந்தா ரெண்டாவது தன்ட காசை எடுத்துக் குடுத்திடும். ஆனா இதை "உங்களுக்கு 166,500 மிச்சம்" எண்டு மெயிலில எழுதிடாதேங்கோ, நாலு சேவிஸ் செய்தும் ஏழு வருசப் பழசு நிக்கலாம், அண்டைக்கு அந்த வசனத்தை எடுத்துக் காட்டுவினம்.

வரிசையில எனக்குப் பிடிவாதம் இல்ல. நான் பரிந்துரையை முதல்ல வைப்பன், உடன கீழ "செலவைக் குறைக்கோணும் எண்டா" எண்டு அடுத்தது வந்திடும், திரையை இழுக்காமலே மூண்டு விலையும் தெரியோணும். அப்ப ஒளிச்ச மாதிரி இராது.

அலஸ்தோட்டம் ரூம்ஸ்

மெயிலில விசயம் எண்ட இடத்தில பரிந்துரைக்கிற தொகையையே போட்டா? எனக்கு கொட்டேஷன், கொட்டேஷன் எண்டு ஒரே பேரில எத்தின மெயில் கிடக்கு, தேடி எடுக்க ஏலாது. அதோட வற் சேத்தா சேக்காமலா எண்டு மூண்டிலயும் ஒரே மாதிரி எழுதுங்கோ. ஒருத்தர் எனக்கு ஒண்டுக்குச் சேத்தும் மற்றதுக்குச் சேக்காமலும் போட்டுவிட்டவர், 18 வீதம் எண்டா விளையாட்டில்ல, எது மலிவு எண்டே தெரியாமப் போச்சு.

உப்புவெளி ஏசி

நான் வற் பதிவு இல்ல அண்ணா, அப்ப வற் அறவிட ஏலாது, அதை ஒரு வரியில எழுதி விடுறன். மனேஜருக்கு எடுத்தன். முதலாளிக்குத் தெரியுமாம், அதால பேச்சும் வாங்கினவராம், எழுதுங்கோ எண்டார். அப்பவே இன்னொண்டும் சொன்னார், முதலாளி அந்த பிடிஎஃப்பைத் திறந்திட்டு "இதில எது வேணும் எண்டு நீ சொல்லு" எண்டு இவரிட்டக் கேட்டிருக்கிறார், இவருக்கும் சொல்லத் தெரியேல. அக்கா சொன்னது அப்பிடியே நடந்திருக்கு.

இதுதான் புதுசு. இங்கிலீசில அனுப்பப் போறன், இங்க தமிழில போடுறன், பாத்துச் சொல்லுங்கோ.

"விடயம்: 14 ஏசி வருடப் பராமரிப்பு, எங்கள் பரிந்துரை ரூ. 280,000

வணக்கம் சேர்,

போன ஓகஸ்ட்டில் 9ஆம், 11ஆம் ரூம் ஏசி நின்று நாலு நாள் ரூம் கொடுக்க முடியாமல் போனதாக மனேஜர் சொன்னார். 14 யூனிட்டையும் நேரில் பார்த்தேன். கடல் பக்கம் உள்ள ஐந்தின் வெளி யூனிட்டிலும் உப்பு பிடித்துள்ளது. கச்சான் சூட்டில் அவை நிற்பதற்கு அதுதான் காரணம். அதனால் நான் பரிந்துரைப்பது:

வருடம் நாலு சேவிஸ், மே முதல் செப்டெம்பர் வரை பழுது வந்தால் 24 மணித்தியாலத்துக்குள் வருவோம். ரூ. 280,000. எத்தனை தரம் கூப்பிட்டாலும் கூலி இல்லை, பார்ட்ஸ் விலை மட்டும் தனி.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால்: சீசனுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு சேவிஸ். ரூ. 126,000. இடையில் பழுது வந்தால் வருகைக்குத் தனிக் கட்டணம், எப்போது வருவோம் என்று உறுதி தர முடியாது.

இடையில் எந்தச் செலவும் வரக்கூடாது என்றால்: பரிந்துரைத்ததோடு கப்பாசிட்டர், ஃபேன் மோட்டர், காஸ் சேர்த்து. ரூ. 420,000. கொம்பிரசர் சேராது. ஒன்பது யூனிட் இரண்டு வருடத்துக்குள் வாங்கியவை என்பதால் இது இப்போது தேவை என்று நான் நினைக்கவில்லை.

மூன்றும் 14 யூனிட்டுக்கும் ஒரு வருட முழுத் தொகை, வற் இல்லை. மே மாதத்துக்கு முன் முதல் சேவிஸ் முடிய வேண்டுமென்றால் ஏப்ரல் 20க்குள் தொடங்க வேண்டும். பரிந்துரைத்ததோடு தொடங்கலாமா?"

ஓர்ஸ்ஹில் அக்கா

நல்லா இருக்கு தம்பி. அந்த மூண்டாவதில "தேவை எண்டு நினைக்கவில்லை" எண்ட வரியை எடுக்கவே வேண்டாம். கூட விலை உள்ளதை வேண்டாம் எண்டு நீங்களே சொல்லுறீங்கள், அதுக்குப் பிறகு 280 எண்டு சொல்லுறதை அவர் நம்புவார். கேள்வியும் ஒண்டுதான் இருக்கு, "ஓம்" எண்டு ஒரு சொல்லில பதில் போடலாம்.

தம்பலகாமம் மார்க்கெட்டிங்

எனக்கு ஒண்டு இடிக்குது. பழசு அஞ்சு, புதுசு ஒன்பது எண்டா, பழசு அஞ்சுக்கு மட்டும் பார்ட்ஸோட உள்ளதைக் குடுத்து, மற்றதுக்கு ரெண்டாவதைக் குடுக்கலாமே? ஒரு யூனிட்டுக்கு 20,000உம் 30,000உம் தானே வருது. ஒன்பதுக்கு 180,000, அஞ்சுக்கு 150,000, மொத்தம் 330,000. உண்மையிலயே அவையளுக்குப் பொருத்தம் அதுதான் எண்டு நினைக்கிறன். நாலாவதா அதையும் போடுங்கோவன்.

ஓர்ஸ்ஹில் அக்கா

நல்ல யோசனை, ஆனா நாலாவதாப் போடக் கூடாது. அதுதான் சரி எண்டு தம்பி நம்பினா, அதுவே பரிந்துரையா வரோணும், 280 கீழ இறங்கோணும், 420 போகோணும். மூண்டாவே நிக்கோணும்.

உப்புவெளி ஏசி

அண்ணா, நான் அதை யோசிச்சனான். அந்த அஞ்சும் தகடு கொட்டின யூனிட். கொயில் ஓட்டை விட்டா காஸ் போகும், அடைச்சு திருப்பி காஸ் ஏத்தோணும், மோட்டரும் துருப்பிடிச்சிருக்கு. அந்த அஞ்சுக்கு 30,000க்கு பார்ட்ஸ் பொறுப்பெடுத்தா நான்தான் நட்டப்படுவன். 420இல புதுசு ஒன்பதும் சேர்ந்து வாறதாலதான் எனக்குக் கட்டும்.

தம்பலகாமம் மார்க்கெட்டிங்

அப்ப அந்த அஞ்சையும் மாத்துங்கோ எண்டதுதானே உண்மையான பரிந்துரை?

ஓர்ஸ்ஹில் அக்கா

இதுக்கு என்னட்ட நேரப் பதில் இல்ல. மாத்திறது வேற பட்ஜெட், அவர் கேட்டது பராமரிப்பு. அதை இந்த மெயிலுக்குள்ள கொண்டு வந்தா எல்லாம் குழம்பும். ஆனா தெரிஞ்சும் சொல்லாமல் விட்டதா பிறகு நினைக்கவும் கூடாது. கடைசியில ஒரு வரி, "கடல் பக்கம் ஐந்து பற்றி முதல் சேவிஸ் முடிந்ததும் தனியாக எழுதுகிறேன்" எண்டு போடலாம். விலை போடாமல்.

அலஸ்தோட்டம் ரூம்ஸ்

எனக்கு அப்பிடி ஒரு வரி வந்தா, மற்றச் செலவு என்ன எண்டு தெரியும் வரைக்கும் இதுக்கும் ஓம் சொல்ல மாட்டன். நான் எண்டா அந்த வரியை எடுப்பன், ஃபோனில சொல்லுவன்.

உப்புவெளி ஏசி

ரெண்டும் சரி மாதிரித்தான் இருக்கு. வரியை எடுத்திட்டு மனேஜரிட்ட வாயால சொன்னன், முதலாளியோட கதைக்கேக்க சொல்லுங்கோ எண்டு. மெயில் நேற்றுக் காலமை போச்சு.

கச்சேரி வேலை

இடையில ஒண்டு. அரச அலுவலகத்துக்கும் இப்பிடி மூண்டு போட ஆரும் யோசிக்கிறீங்களோ தெரியாது, அங்க செய்யாதேங்கோ. கேள்வி மனுவில கேட்ட விபரத்துக்கு ஒரு விலை கேட்டா ஒரு விலைதான் போடோணும். மாற்று யோசனை கேக்காத இடத்தில மூண்டு விலை போட்டா உங்கட மனுவையே ஒதுக்கி வைக்கிறதுக்கு அது காரணமாப் போயிடும்.

மூதூர் சாப்பாடு

நாங்க மெனுவை மாத்திட்டம். வட்டிலப்பம் மூனுலயும் இருக்கு இப்ப. நேத்து வந்த ஆள் இறாலை மட்டும் கேட்டாரு, அது மெனு 3 தான் என்டு சொன்னன், பாத்துட்டு வாரன் என்டு போயிட்டாரு. வருவாரா என்டு தெரியல்ல. தம்பிக்கு பதில் வந்திச்சா?

உப்புவெளி ஏசி

இப்பதான் வந்தது நானா. முதலாளியே நேர எழுதியிருக்கிறார். "280,000 சரி. இரண்டு தவணையாகத் தரலாமா? 9, 11 உட்பட அந்த ஐந்தும் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?" அவ்வளவுதான். தவணைக்கு நான் ஒண்டுமே எழுதேல, இப்ப தொடங்கேக்க பாதி, ஓகஸ்ட் முதலாம் திகதி பாதி எண்டு போடலாமா எண்டு யோசிக்கிறன். அஞ்சைப் பற்றி நாளைக்குக் காலமை ஃபோனில கதைக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா, ரெண்டு சீசன் தாங்கும் எண்டு சொன்னாப் பொய் சொல்லுறதா வரும், ஒரு சீசன் எண்டாப் பயந்திடுவார். என்னெண்டு சொல்லுறது?

ஓர்ஸ்ஹில் அக்கா

9, 11 ரெண்டையும் முதல் சேவிஸில கழட்டி, தகடு எவ்வளவு மிச்சம் எண்டு படம் எடுத்து அனுப்பிறன், அதைப் பாத்துக் கதைப்பம் எண்டு சொல்லுங்கோ. பார்க்காமல் வருசம் சொல்லாதேங்கோ. தவணைக்கு ஓகஸ்ட் வேண்டாம் தம்பி, சீசன் நடுவில அவரின்ட கையில காசு நிக்கிற யூலைக்கு வையுங்கோ.